அமில அலுமாரிக்குள்ளும் ஒரு பிரிப்பு வேண்டும்



விடுமுறையில் எங்கட பாடசாலை இரசாயனக் களஞ்சிய அறையைத் துப்புரவாக்க இறங்கினோம். போத்தல்கள் ஆங்கில எழுத்து வரிசையில் அழகாக இருந்தன. தேடி எடுக்க லேசு என்று நாங்களே அடுக்கியதுதான்.

அமோனியாவும் ஐதரோக்குளோரிக்கமிலமும் ஒரே அலுமாரிக்குள். இரண்டின் கழுத்திலும் வெள்ளை மாப் போல ஒரு படிவு. இவ்வளவு காலமும் அதைத் தூசு என்று துடைத்தோம். மூடிய போத்தலிலிருந்தும் ஆவி கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இரண்டும் சந்தித்தால் அமோனியங்குளோரைட்டு படியும். அந்தப் படிவு கண்டால் அமிலமும் காரமும் ஒரே காற்றைப் பகிர்கின்றன என்று அர்த்தம்.

உடனே அமிலங்களை எல்லாம் ஒரு அலுமாரிக்கு மாற்றினோம். வேலை முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. செறிந்த நைத்திரிக்கமிலத்துக்குப் பக்கத்தில் அசற்றிக்கமிலம் நின்றது. பெயரில் இரண்டும் அமிலம். ஆனால் நைத்திரிக்கமிலம் வலுவான ஒட்சியேற்றி. அசற்றிக்கமிலமோ எரியக்கூடிய சேதனப் பொருள். இரண்டும் உடைந்து கலந்தால் சூடாகித் தீப்பற்றலாம், வெடிக்கவும் கூடும். ஸ்பிரிட், அசற்றோன், மரத்தட்டு, கடதாசி எல்லாவற்றுடனும் இதே ஆபத்துத்தான்.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை நினைத்துப் பாருங்கள். அதில் 25 தொன் நைத்திரிக்கமிலம் இருந்தது. ஒரு கொள்கலன் கசிவதைக் கண்டபிறகும் வழியில் இருந்த துறைமுகங்களில் அதை இறக்க முடியவில்லை. 2021 மே 20 கொழும்புக் கடலில் தீ தெரிந்தது. கசிந்த அமிலமே காரணம் என்று பரவலாகக் கருதப்பட்டது. எங்கள் அறையில் இருந்தது ஒரு 2.5 லீற்றர் போத்தல்தான். ஆனால் சுவருக்கு அந்தப்பக்கம் வகுப்பறை.

இப்போது இப்படி வைத்திருக்கிறோம். அமிலங்கள் கீழ்த்தட்டில், தோள் உயரத்துக்கு மேலே ஒருபோதும் இல்லை. நைத்திரிக்கமிலம் தனி மூலையில், தனிப் பிளாஸ்டிக் பேசினுக்குள். போத்தல் உடைந்தாலும் முழுவதையும் பேசின் தாங்க வேண்டும். அசற்றிக்கமிலம் ஸ்பிரிட், அசற்றோனுடன் எரிபொருள் அலுமாரிக்குப் போய்விட்டது. அங்கே பிளக்கும் சுவிட்சும் இல்லை. அமோனியாவும் சோடியமைதரொட்சைட்டும் அறையின் எதிர்ப்பக்கம். பொற்றாசியம் பரமங்கனேற்று போன்ற திண்ம ஒட்சியேற்றிகள் உலர்ந்த வேறு தட்டில். கிளிசரீன் அதன் கிட்டவே வராது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தால் நெருப்புக்குச்சி இல்லாமலே தீ வரும்.

வாவிக் காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், அமில ஆவி அதைக் கூட்டும். அதனால் தட்டுகளைத் தவணைக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கிறோம். வெள்ளம் ஏறும் இடம் என்பதால் கீழ்த்தட்டையும் கல் வைத்து ஓரடி உயர்த்தினோம். லேபிள் அழிந்த மூன்று போத்தல்களைத் திறக்கவே இல்லை. பூட்டித் தனியே வைத்து அதிபரிடம் எழுத்தில் கொடுத்தோம்.

உங்கள் வீட்டுக் குளியலறையையும் ஒருமுறை பாருங்கள். கழிப்பறை கழுவும் அமிலமும் வெளிறாக்கும் திரவமும் ஒரே வாளிக்குள் நிற்கின்றனவா? கலந்தால் குளோரின் வாயு வரும். இன்றைக்கே ஒன்றை வேறு இடத்துக்கு மாற்றி விடுங்கள்.