இடது கையைக் காட்டாதீர்கள்

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் நம் வட்டத்தில் நிறையப் பேர். அதில் சிலருக்குச் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பதிவு முக்கியமாக அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்.

என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார், வயது 62. கிரியேட்டினின் 3.1. சிறுநீரகம் ஏறக்குறைய 22 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். டயாலிசிஸ் இன்னும் தேவைப்படவில்லை. இடையில் காய்ச்சல் வந்து ஒரு மருத்துவமனையில் சேர்ந்தார். இடது மணிக்கட்டுக்கு மேலே பளிச்சென்று தெரிந்த நரம்பில் வென்ஃப்ளான் குத்தி, நான்கு நாள் ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் அந்த இடம் சிவந்து வலித்தது. ஒரு மாதம் கழித்துத் தொட்டால், தோலுக்கடியில் சணல் கயிறு மாதிரி விறைப்பாக ஏதோ ஓடியது. நரம்பு உள்ளே உறைந்து அடைத்துப் போயிருந்தது.

(நரம்பு என்று நாம் சொல்வது உண்மையில் இரத்தக்குழாய். எங்கள் அறிவியல் புத்தகத்தில் 'சிரை' என்று இருக்கும். ஆனால் எந்த ஆஸ்பத்திரியிலும் "சிரை கிடைக்கல" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நானும் நரம்பு என்றே எழுதுகிறேன்.)

ஒரு நரம்பு போனால் என்ன, கையில் எத்தனையோ இருக்கிறதே என்று கேட்கலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். டயாலிசிஸ் மெஷினுக்கு நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி இரத்தம் வேண்டும். நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர். உடம்பில் இருக்கிற ஐந்து லிட்டர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. சாதாரணக் கை நரம்பால் அவ்வளவு கொடுக்க முடியாது. அதனால் கையில் சின்ன ஆபரேஷன் செய்து, தமனியோடு பக்கத்து நரம்பை இணைக்கிறார்கள். இதுதான் ஃபிஸ்டுலா. 1966-இல் நியூயார்க் டாக்டர்கள் வெளியிட்ட முறை. தமனியின் வேகம் நேராக உள்ளே பாய்வதால் நரம்பு மெல்ல விரிந்து, சுவர் தடித்துப் போகும். ஒன்றரை மாதம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதற்குப் பிறகு வாரம் மூன்று முறை, தடவைக்கு இரண்டு தடித்த ஊசி. வருஷத்துக்கு 300 குத்துக்கு மேல் அது தாங்க வேண்டும்.

உள்ளே தழும்பு விழுந்த நரம்பு அப்படி விரியாது. முன்கையில் கட்டைவிரல் பக்கமாக மேலே ஏறும் நரம்புதான் முதல் தேர்வு. வென்ஃப்ளான் போடவும் கைக்கு எட்டுவது அதுதான். சிக்கலே அங்கேதான்.

நம்ம வாத்தியாருக்குப் பிறகு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். மேல்கையில் கயிறு கட்டிப் பார்த்தபோதும் இடது மணிக்கட்டு நரம்பு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விரியவில்லை. இரண்டு, இரண்டரையாவது இருந்தால்தான் சர்ஜன் துணிவார். முழங்கைக்கு மேலே நரம்பு மூன்று மில்லிமீட்டர் இருந்ததால் முழங்கையருகே ஃபிஸ்டுலா வைத்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கட்டில் ஆரம்பித்திருந்தால், அது பழுதானாலும் முழங்கை கையிருப்பில் இருந்திருக்கும். அந்தக் கையில் ஒரு படி போய்விட்டது.

சிறுநீரகத்தின் வேலை 30 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள் இப்போதே கவனிக்க வேண்டும். இரத்தம் எடுப்பதோ, ட்ரிப்ஸோ, புறங்கை நரம்பில் கேளுங்கள். வலது கைக்காரர் வலது புறங்கையைக் கொடுங்கள். புறங்கையில் வலி கூடத்தான், அதை மறைப்பானேன்! இரண்டு முன்கைகளையும் மிச்சப்படுத்துவது நல்லது. வென்ஃப்ளான் வேலை முடிந்தால் "நாளைக்கும் இருக்கட்டும்" என்று விடாமல் எடுக்கச் சொல்லுங்கள். பல டெஸ்ட் இருந்தால் ஒரே குத்தில் எடுக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் மருந்துக்காகக் கை வழியாக நெஞ்சு வரை நீளக் குழாய் விடுவதாகச் சொன்னால், "கிட்னி டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள் சிஸ்டர்" என்று சொல்லுங்கள். அது போகிற வழியையே சுருக்கிவிடக்கூடும்.

உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இதெல்லாம் பேசக் கூடாது. எங்கே கிடைக்கிறதோ அங்கே குத்தட்டும்.

சிஸ்டர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். அவசரத்தில் தெரிகிற நரம்பைத்தான் தேடுவார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்க நேரம் ஏது? சொன்னால் பெரும்பாலும் கேட்கிறார்கள். வாத்தியார் இப்போது லேபுக்குப் போனாலே இடது கையில் நீலப் பேனாவால் "ஊசி, பிபி வேண்டாம்" என்று எழுதிக்கொண்டு, முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பட்டன் போட்டுவிடுகிறார். நீட்டுவது வலது புறங்கை மட்டும்.