வாடகையைக் கூட்டிய கடிதமும் ஆறாம் பிரிவும்



சென்ற நவம்பர் 24ஆம் திகதி எங்கட வீட்டுச் சொந்தக்காரரான ஹாஜியாரிடமிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. "உடன்படிக்கையின் 6ஆம் பிரிவின்படி, வருடத்துக்கு நூற்றுக்குப் பத்து வீதம் என்ற அடிப்படையில், ஜனவரி 1 முதல் மாத வாடகை 30,250 ரூபா" என்று இருந்தது. அதுவரை நாங்கள் கட்டியது 25,000.

பிரிவு இலக்கம் போட்டு வந்த கடிதம் என்றால் எங்களில் பலர் தலையாட்டி விடுவோம். நாங்கள் உடன்படிக்கையை எடுத்து 6ஆம் பிரிவை முழுதாக வாசித்தோம். "ஒவ்வொரு வருட முடிவிலும், இரண்டு மாத எழுத்துமூல அறிவித்தலின் பேரில், அப்போது செலுத்தப்படும் வாடகையை நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேற்படாமல் அதிகரிக்கலாம்" என்று எழுதியிருந்தது.

"அதிகரிக்கப்படும்" என்றிருந்தால் கதை வேறு. முதல் வருடம் முடிந்ததும் வாடகை தானாகவே 27,500 ஆகியிருக்கும், இப்போது 30,250 சரிதான். இங்கே இருப்பது "அதிகரிக்கலாம்". முதல் வருட முடிவில் ஹாஜியார் அறிவித்தல் தரவில்லை. பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்த்து அவராகவே விட்டுத்தந்தார், அந்த நன்றி எங்களுக்கு இருக்கிறது. ஆனால் கூட்டாத வருடத்தைப் பிறகு சேர்த்துக் கூட்ட அந்தப் பிரிவில் இடமில்லை. அப்போது செலுத்தப்பட்ட வாடகை 25,000, அதில் பத்து வீதம் 2,500. ஆகவே 27,500தான். வித்தியாசம் மாதம் 2,750, வருடத்துக்கு 33,000. ஆசிரியர் சம்பளத்தில் அது சின்னத் தொகையல்ல.

அடுத்தது திகதி. நவம்பர் 24 முதல் இரண்டு மாதம் ஜனவரி 24இல்தான் நிறைகிறது. எனவே புதிய வாடகை பெப்ரவரி 1இலிருந்து.

கோபமாகப் பேசப் போகவில்லை. கடிதம் கிடைத்த திகதி, 6ஆம் பிரிவின் வாசகம், எங்கள் கணக்கு, பெப்ரவரியிலிருந்து 27,500 தரச் சம்மதம் என ஒரு பக்கத்தில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஜனவரி வாடகை 25,000த்தை வழமைபோல முதலாம் திகதியே வங்கியில் போட்டோம். பிரச்சினை இருக்கும்போது வாடகையை நிறுத்தி வைப்பது பெரிய ஆபத்து, நாமே நிலுவைக்காரராகி விடுவோம்.

எங்களுடையது நொத்தாரிசு எழுதிய மூன்று வருட உடன்படிக்கை. ஊரில் பலர் முத்திரை ஒட்டிய தாளில் இரு தரப்பும் கையொப்பம் வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். அப்படி எழுதாதவர் பிரிவு காட்டி வாதாட முன்னர் ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

ஒரு கிழமைக்குப் பிறகு ஹாஜியார் கோல் எடுத்தார். "மகன் இரண்டு வருடத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறான், நீங்க சொல்றது சரி. அதையும் எழுத்திலேயே தாறன்" என்றார். தந்தார். அந்தத் தாளை உடன்படிக்கையோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறோம்.