தாதுவுக்கு என்ன வேலை?

எலும்பின் எடையில் ஏறத்தாழ 65 சதவீதம் தாது. மீதியில் பெரும்பங்கு கொலாஜன் என்னும் புரதம், பத்து சதவீத அளவுக்குத் தண்ணீர். இந்தக் கணக்கைப் பார்த்ததும், அதே விகிதத்தில் ஹைட்ராக்சிஅபடைட் தூளையும் ஒரு பாலிமரையும் கலந்துவிட்டால் எலும்புக்கு நிகரான பொருள் கிடைத்துவிடும் என்ற ஆசை வருவது இயல்பு. புதிய எலும்பு வளர்ந்து ஏற இடம்தரும் நுண்துளைச் சாரங்களை வடிவமைப்பவர்களில் பலர் இந்த ஆசையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து. சாரத்தில் சேர்க்கும் தாதுவை வலுவூட்டும் பொருளாக எண்ணி அளவு வகுத்தால் வலுவும் கிடைப்பதில்லை, தாது உண்மையில் செய்யக்கூடிய வேலையும் நடப்பதில்லை.

எலும்பில் தாது எப்படி இருக்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். அங்கே அது தூளாகக் கலக்கப்பட்டதல்ல. கொலாஜன் மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி அடுக்கப்படுவதால் இழையின் நீளத்தில் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளிகள் விழுகின்றன. தாது அந்த இடைவெளிகளுக்குள்ளேயே, இழைக்குள்ளேயே வளர்கிறது. ஒவ்வொரு படிகமும் சில நானோமீட்டர் தடிமனே உள்ள தகடு. ஹுவாஜியன் காவோவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் காட்டியதுபோல, இவ்வளவு மெல்லிய தகட்டில் ஒரு விரிசலே இருந்தாலும் அது தகட்டின் வலுவைக் குறைப்பதில்லை. சுமை ஏறும்போது தகடுகளுக்கு நடுவிலுள்ள புரதமும் நீரும் சறுக்கிக் கொடுக்கின்றன. இழுவிசை ஒரு தகட்டிலிருந்து அடுத்ததற்கு அந்த ஒட்டின் வழியே போகிறது. ஆக, எலும்பின் திறமை விகிதத்தில் இல்லை, இரண்டு பொருளும் சந்திக்கும் பரப்பில் இருக்கிறது. அதே தாதுவைத் தனியாக, துளையின்றிச் சுட்டு எடுத்தால் விறைப்பு எண்பது, நூறு ஜிகாபாஸ்கலுக்குப் போகும். ஆனால் விரிசல் பரவுவதைத் தடுக்கும் திறனில் அது எலும்பின் அருகில்கூட நிற்காது.

விகிதத்தை நம்பிச் செய்ததில் மிக நேர்மையான முயற்சி லண்டனில் வில்லியம் போன்ஃபீல்டு குழுவினருடையது. 1980களின் தொடக்கத்தில் அவர்கள் பாலிஎதிலீனில் ஹைட்ராக்சிஅபடைட்டைக் கலந்து உருவாக்கிய பொருள் பின்னர் ஹாபெக்ஸ் என்ற பெயரில் நடுக்காது உள்வைப்புகளில் பயன்பட்டது. அதில் தாது கன அளவில் 40 சதவீதம். எலும்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அறுவை மருத்துவர் அதைக் கத்தியால் செதுக்கிப் பொருத்த முடிந்தது, எலும்பும் அதன்மேல் ஒட்டி வளர்ந்தது. ஆனால் அதன் விறைப்பு நான்கு ஜிகாபாஸ்கல் அளவிலேயே நின்றது. தொடை எலும்பின் கெட்டியான சுவருக்கு அது 15 முதல் 20 வரை இருக்கும். தாதுவை இன்னும் கூட்டினால் பொருள் வளையாமல் ஒடியத் தொடங்கிவிடும். விகிதம் சரியாக அமைந்தும் எலும்பு கிடைக்கவில்லை. அதனால்தான் அதிகச் சுமை ஏறாத இடங்களில் மட்டும் அது வெற்றிபெற்றது.

சாரத்தில் நிலைமை இன்னும் கடினம், ஏனென்றால் அதில் பாதிக்குமேல் வெற்றிடம். ரத்தக்குழாய் நுழைய வேண்டுமென்றால் துளைகள் 300 மைக்ரான் அளவில் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். பாலிகாப்ரோலாக்டோனை உருக்கி இழை இழையாக அடுக்கி அச்சிடும் சாரத்தை எடுத்துக்கொள்வோம். துளையில்லாத பாலிமரின் விறைப்பை 0.4 ஜிகாபாஸ்கல் என்று வையுங்கள். துளையுள்ள பொருளின் விறைப்பு, தோராயமாக, திடப்பகுதியின் பங்கினுடைய வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 70 சதவீதம் துளை என்றால் 0.3இன் வர்க்கம், அதாவது 0.09. எனவே சாரத்தின் விறைப்பு 36 மெகாபாஸ்கல். இப்போது எடையில் 40 சதவீதம் ஹைட்ராக்சிஅபடைட் சேர்க்கிறோம். தாதுவின் அடர்த்தி பாலிமரைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்பதால் கன அளவில் அது ஏறத்தாழ 20 சதவீதம்தான். துளையில்லாத கலவையின் விறைப்பு 0.7 ஆகும் என்று கொண்டால் சாரத்துக்கு 63 மெகாபாஸ்கல் வரும். தாதுவே இல்லாமல் துளையை மட்டும் 60 சதவீதமாகக் குறைத்தால்? 0.4இன் வர்க்கம் 0.16, விறைப்பு 64. இழைகளை இன்னும் சற்று நெருக்கமாக அடுக்கி அடைவதைத்தான் இத்தனை தூளைப் போட்டு அடைந்திருக்கிறோம். தூள் கட்டிதட்டி அச்சு முனையை அடைப்பது தனித் தொல்லை.

ஒட்டுதான் குறையென்றால் அதைச் சரிசெய்யலாமே என்று கேட்கலாம். தூளின்மேல் சிலேன் பூசி பாலிமரோடு பிணைப்பவர்கள் இருக்கிறார்கள். உலர்ந்த மாதிரியில் எண்கள் நன்றாகவே உயர்கின்றன. ஆனால் சாரம் வாழப்போவது 37 டிகிரி உப்புநீரில். அந்தப் பிணைப்பையே நீர் மெதுவாக அறுக்கிறது. சோதிப்பது எளிது. உப்புக் கரைசலில் சில வாரம் ஊறவைத்த மாதிரியை ஈரமாகவே ஒடித்து, ஒடிந்த முகத்தை மின்னணு நுண்நோக்கியில் பார்க்க வேண்டும். தாதுத் துகள்கள் பாலிமர் ஒட்டாமல் சுத்தமாகவும், அவை கழன்ற இடங்களில் வெறும் குழிகளாகவும் தெரிந்தால் அங்கே சுமை கடக்கவில்லை. உலர்ந்த மாதிரியின் வலுவை மட்டும் தரும் கட்டுரைகளை நான் பாதி நம்பிக்கையோடுதான் படிக்கிறேன். துகளை நானோ அளவுக்குச் சிறிதாக்குவதும் முழுத் தீர்வல்ல. சிறிதாக ஆக அவை திரளும் போக்கும் கூடுகிறது. எலும்பு இதைத் தவிர்ப்பது தாதுவை இழைக்குள்ளேயே வளர்ப்பதால். கலந்து உருக்கும் முறையில் அதற்கு வழியில்லை.

அப்படியானால் தாதுவே வேண்டாமா? வேண்டும், மேற்பரப்புக்காக. பாலிகாப்ரோலாக்டோன் நீரை விலக்கும் பொருள். செல்கள் அதைப் பிடித்துக்கொள்ளத் தயங்கும். ஹைட்ராக்சிஅபடைட் வெளிப்பட்டிருக்கும் பரப்பில் உடலின் புரதங்கள் நன்றாகப் படிகின்றன, எலும்புசெய் செல்கள் அவற்றைப் பற்றிக்கொள்கின்றன. பாலிலாக்டிக் வகைப் பாலிமர்கள் சிதையும்போது வெளிவரும் அமிலத்தையும் தாது ஓரளவு தணிக்கிறது. ஆனால் இங்கேதான் வலு நோக்கில் செய்த சாரங்கள் ஏமாற்றுகின்றன. உருகிய பாலிமர் அச்சு முனையில் வழுக்கி வரும்போது இழையின் வெளிப்புறத்தில் மெல்லிய தோலாகப் படிந்துவிடுகிறது. 40 சதவீதம் தாது உள்ளே இருந்தும் செல் அதைத் தொடுவதே இல்லை. சாரத்தை 600 டிகிரியில் எரித்து மிஞ்சும் எடையைப் பார்த்தால் போட்ட தாது அப்படியே இருக்கும், அது எங்கே இருக்கிறது என்று அந்த எடை சொல்லாது. அதற்கு மேற்பரப்பில் கால்சியம் தெரிகிறதா என்று எக்ஸ்கதிர் நிறமாலையில் தேட வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடில் நனைத்து அந்தத் தோலை அரித்தபின், முன்பு இல்லாத கால்சியம் தெரியத் தொடங்கும். மேற்பரப்புதான் நோக்கம் என்று முதலிலேயே முடிவெடுத்தால் தாதுவைக் குறைவாகப் போட்டு, அதை வெளியே கொண்டுவருவதில் உழைக்கலாம்.

பெரிய எலும்பு இழப்புக்கு வலு இல்லாத சாரம் எப்படி உதவும் என்பது மருத்துவர்களின் நியாயமான கேள்வி. அந்த இடத்தில் சுமையை ஏற்கெனவே உலோகத் தட்டோ கம்பியோ தாங்குகிறது. சாரம் பொருத்தும்போது நொறுங்காமலும் சிறு அசைவுக்கு ஈடுகொடுத்தும் இருந்தால் போதும். அதிகத் தாது ஏற்றிய சாரம் இந்த எளிய தேர்வில்தான் முதலில் தோற்கிறது, மருத்துவர் அழுத்திப் பொருத்தும்போதே இழை ஒடிந்துவிடுகிறது. எனக்கு அதைவிடக் கவலை தருவது பின்னால் நடப்பது. பாலிகாப்ரோலாக்டோன் கரைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். உயர் வெப்பத்தில் சுட்ட ஹைட்ராக்சிஅபடைட் அதற்குப் பிறகும் கிடக்கும். பற்றியிருந்த பாலிமர் போனபின் எஞ்சும் துகள்களைச் சுற்றி விழுங்குசெல்கள் கூடுகின்றன. சுடாத, கார்பனேட் கலந்த, கால்சியம் சற்றுக் குறைந்த தாதுவை எடுத்துக்கொண்டால் எலும்பின் சொந்தப் படிகத்துக்கு அது நெருக்கம். எலும்பைக் கரைத்து அகற்றும் செல்கள் அதையும் கரைத்து அகற்றும். விறைப்பு இதனால் இன்னும் குறையும். அது தாதுவின் வேலையே அல்ல என்று கொண்டவருக்கு அந்த இழப்பில் வருத்தமில்லை.