வயிற்றில் தங்கியது எவ்வளவு?

முதல் பிள்ளையைச் சுமக்கிற பெண்களுக்கும், அவர்களைக் கட்டிக்கொண்ட தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரசவ வார்டிலும் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மசக்கை வாந்தி பற்றி எல்லா வீட்டிலும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "நானும்தான் நாலு பெத்தேன், எனக்கு வராத வாந்தியா?" என்பார் மாமியார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு வந்தது ஒன்று, உனக்கு வந்திருப்பது வேறொன்றாக இருக்கலாம். அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

சாதாரண மசக்கை பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேருக்கு வரும். நாள் தள்ளிப்போய் ஒன்றிரண்டு வாரத்தில் ஆரம்பித்து, ஒன்பது பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். பிறகு மெல்ல இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு ஐந்தாம் மாதத்துக்குள் விட்டுவிடும். காலையில்தான் வரும் என்பார்கள். ராத்திரி பத்து மணிக்கும் வரும். தாளிக்கிற வாசனை, உலை கொதிக்கிற வாசனை, நேற்றுவரை ஆசையாக வைத்துக்கொண்ட மல்லிகைப்பூ வாசனை எல்லாமே குமட்டும். இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் ஏதோ கொஞ்சம் சாப்பிடுவாள். இட்லி வெளியே வந்தாலும் மோர் தங்கும். மத்தியானம் படுத்தாலும் சாயங்காலம் எழுந்து நடமாடுவாள். ஒன்றுக்கு வழக்கம்போலப் போவாள். இவளுக்கு வேண்டியது கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சாப்பாடு, இஞ்சி, ஓய்வு, அடுப்படியிலிருந்து விடுதலை. இரும்புச்சத்து மாத்திரை குமட்டலைக் கூட்டுகிறது என்றால் அதைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாமா என்று டாக்டரைக் கேட்கலாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் தானாக நிறுத்தக்கூடாது.

இன்னொன்று இருக்கிறது. நூறு கர்ப்பிணிகளில் ஒருவர் இருவருக்கு, சில கணக்குகளில் மூன்று பேர் வரைக்கும் வருவது. டாக்டர்கள் அதை ஹைபரெமெசிஸ் என்பார்கள். சாப்பாடும் தங்காது, தண்ணீரும் தங்காது. வயிற்றில் ஒன்றுமில்லாமல் ஓங்கரிப்பு மட்டும் வந்து, பச்சையும் மஞ்சளுமாகப் பித்தநீர் வெளியேறும். சிலருக்கு எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், விழுங்கினால் குமட்டும் என்று பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்துத் துப்புவார்கள். குளிப்பது, தலை சீவுவதுகூட மலையேறுகிற வேலையாகிவிடும். எடை குறையும்.

ஏன் ஒருத்திக்கு மட்டும் இப்படி? "பிள்ளை வேண்டாம்னு மனசுல இருக்கு, அதான்" என்று படித்தவர்களே பேசிய காலம் உண்டு. அந்தப் பேச்சால் அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மார்லினா ஃபெய்சோ என்கிற அமெரிக்க மரபணு ஆய்வாளர், 1999-இல் தனக்கே இந்த வாந்தி வந்து வயிற்றுப் பிள்ளையை இழந்தவர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு காரணத்தின் பெரும்பகுதியைக் காட்டிவிட்டது. ஜி.டி.எஃப்.15 என்று ஒரு ஹார்மோன். கருவும் நஞ்சும் அதை நிறையச் சுரந்து தாயின் ரத்தத்தில் விடுகின்றன. அது மூளையின் அடித்தண்டில் போய் வாந்தியைத் தூண்டுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு அந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்ணுக்கு, திடீரென்று கூடும்போது தாங்கமுடிவதில்லை. பிடிவாதம், செல்லம், நடிப்பு என்று எதுவும் இதில் கிடையாது. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது வீட்டில் என்ன பார்க்கவேண்டும் என்பதற்கு வருகிறேன். எத்தனை முறை வாந்தி என்பதைத்தான் எல்லாரும் எண்ணுவார்கள். அது வேண்டும்தான், ஆனால் அதோடு நின்றால் ஏமாறுவோம். எட்டு முறை வாந்தி எடுத்தும் நடுநடுவே குடித்ததைத் தக்கவைத்துக்கொண்டவள் ஒருவேளை சமாளித்துவிடுவாள். நாலே முறைதான், ஆனால் குடித்த ஒவ்வொரு வாயும் வெளியே வந்துவிட்டது என்றால் அவள்தான் ஆபத்தில் இருக்கிறாள். ஆகவே உள்ளே என்ன தங்கியது, கீழே எவ்வளவு சிறுநீர் போனது, எடை என்ன ஆயிற்று, இந்த மூன்றையும் பாருங்கள்.

ஒரு பெண்ணின் கதையைச் சொன்னால் புரியும். பெயர் வேண்டாம். கர்ப்பத்துக்கு முன்பு 52 கிலோ இருந்தவள். ஒன்பதாவது வாரம். அம்மாவும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூட்டிவந்தார்கள். "ரெண்டு வாரமா வாந்திங்க சிஸ்டர், மசக்கைதானேன்னு விட்டுட்டோம்" என்றார் அம்மா. நான் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனே கண்ணு?" அவள் யோசித்தாள். ராத்திரி படுக்குமுன் போனதுதான், அதுவும் கொஞ்சமாக, பழுப்பாக. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மறுநாள் காலை பதினோரு மணிக்கு. எட்டு மணி நேரம் சிறுநீரே போகாமல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும். இவள் அதைத் தாண்டிவிட்டாள்.

அடுத்து, முந்தின நாள் என்ன தங்கியது என்று கேட்டேன். கஞ்சி ஒரு டம்ளர், பத்து நிமிஷத்தில் வெளியே. இளநீர், வெளியே. தண்ணீர், வெளியே. ஒரு நாள் முழுக்க எதுவும் தங்கவில்லை. இந்த ஒரு காரணமே போதும், வேறு எதற்கும் காத்திருக்கவேண்டாம். எடை பார்த்தோம், 48.7. குறைந்தது 3.3 கிலோ. கர்ப்பத்துக்கு முன்பிருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் குறைந்தால் சாதாரண மசக்கை இல்லை என்று வைத்துக்கொள்வது வழக்கம். 52 கிலோவுக்கு அது 2.6 கிலோ. படுத்திருந்தவளை எழுப்பி நிறுத்தினதும் நாடி வேகமெடுத்தது, ரத்த அழுத்தம் இறங்கியது, "கண்ணைக் கட்டுது" என்று உட்கார்ந்துவிட்டாள். நாக்கு காய்ந்து தடித்திருந்தது.

சிறுநீரின் நிறத்தை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிட்டால் யாருக்கும் மஞ்சளாகத்தான் போகும். அதனால் நிறத்தோடு, எத்தனை தடவை, எவ்வளவு என்பதையும் பார்க்கவேண்டும். பட்டினியில் உடம்பு கொழுப்பை எரிப்பதால் சிறுநீரில் கீட்டோன் வரும், ஸ்ட்ரிப் வைத்துப் பார்ப்போம். ஆனால் நீர் வற்றியிருப்பதை அது காட்டாது. ஸ்ட்ரிப்பில் கீட்டோன் இல்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று யாராவது திருப்பி அனுப்பினால், மேலே சொன்ன மூன்றையும் எடுத்துச் சொல்லி வாதாடுங்கள்.

அந்தப் பெண்ணுக்கு டாக்டர் செய்ததில் தம்பிகள் தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்று இருக்கிறது. நம் ஊரில் சோர்ந்து போனால் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க, தெம்பு வரும்" என்று பக்கத்து கிளினிக்குக்கு ஓடுவார்கள். வாரக்கணக்கில் சாப்பிடாத உடம்பில் தயமின், அதாவது பி1 வைட்டமின், வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை ஏற்றினால், அதைப் பயன்படுத்த மிச்சமிருக்கிற கொஞ்ச தயமினும் தீர்ந்து மூளை பாதிக்கப்படலாம். கண் ஒரு பக்கம் இழுப்பது, பொருள் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறிக் குழப்பமாவது அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆகையால் இவளுக்கு முதலில் தயமின், பிறகு உப்புநீர் டிரிப்ஸ், ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்ததால் அதுவும் சேர்த்து மெதுவாக. "தயமின் போட்டாச்சா டாக்டர்?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

ஸ்கேனும் எடுத்தார்கள். இரட்டைக் குழந்தை இருந்தாலும், முத்துக்கர்ப்பம் என்கிற கோளாறு இருந்தாலும் வாந்தி இப்படி மிஞ்சும். அவளுக்கு ஒற்றைக் குழந்தை, நல்ல துடிப்பு. வாந்தியை அடக்க ஊசி, அப்புறம் மாத்திரை. இங்கே அம்மா குறுக்கிட்டார்: "மூணு மாசத்துக்குள்ள மாத்திரை சாப்பிட்டா பிள்ளைக்கு ஆகாதுங்களே?" இந்தப் பயத்தினாலேயே எத்தனையோ பேர் மாத்திரையைச் சேலை முடிச்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். டாக்சிலமினும் பிரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்குப் பல பத்தாண்டுகளாகக் கொடுத்து வருவது; தூக்கம் வரும், அவ்வளவுதான். அது போதாவிட்டால் வேறு மருந்துகள் உண்டு, டாக்டர் பார்த்து மாற்றுவார். மருந்துக்கடையில் தானாக வாங்குவது கூடாது. வாந்தி வந்தபிறகு மாத்திரை போட்டு அதையும் கக்குவதைவிட, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் போடுவதில்தான் பலன்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஒருமுறை நன்றாக, வெளிறிய நிறத்தில் சிறுநீர் கழித்தாள். வார்டில் நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். பிறகுதான் ஓ.ஆர்.எஸ். கரைசலை ஸ்பூன் ஸ்பூனாக, சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஆரம்பித்தோம். வீட்டிலும் அப்படித்தான், டம்ளர் நிறைய ஒரே மூச்சில் குடித்தால் ஒரே மூச்சில் வெளியே வரும். வீட்டுக்குப் போனபின் அவளுக்கு வாந்தி நின்றுவிடவில்லை. இன்னும் இரண்டு தடவை டிரிப்ஸுக்கு வந்து போனாள். பலருக்கும் அது அப்படித்தான் இழுக்கும்.

வாந்தியோடு வேறு சிலது சேர்ந்தால் மசக்கை என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு உடனே கிளம்பவேண்டும். காய்ச்சல், அடிவயிற்றிலோ விலாவுக்குக் கீழேயோ விடாத வலி, சிறுநீர் எரிச்சல், வாந்தியில் ரத்தம், மயக்கம், உதிரப்போக்கு. சிறுநீரகத் தொற்றும் குடல்வால் அழற்சியும் மசக்கை வேஷத்தில் வருவதுண்டு. அதேபோல, இரண்டரை மாதம் வரை ஒன்றுமில்லாமல் இருந்து அதன்பின் புதிதாக ஆரம்பிக்கிற வாந்தியும் சந்தேகத்துக்குரியது. ஆறு ஏழு மாதத்துக்கு மேல் தலைவலி, மேல்வயிற்று வலி, கண் மங்கலோடு வந்தால் ரத்த அழுத்தத்தை அந்த நேரமே பார்க்கவேண்டும்.

தம்பி, உன் வேலை இதுதான். வாரத்துக்கு ஒரு நாள் அதே எடைக்கருவியில் அவள் எடையைப் பார்த்துக் குறித்துவை. என்ன தங்கியது, எத்தனை முறை சிறுநீர் போனாள் என்பதைக் காலண்டர் ஓரத்தில் எழுது. டாக்டர் கேட்கும்போது சோர்ந்து கிடக்கிறவளுக்குப் பதில் சொல்ல முடியாது. "ரொம்ப வாந்தி சார்" என்பதைவிட அந்தக் காகிதம் வேகமாகப் படுக்கை வாங்கித் தரும்.

ஒரு கர்ப்பத்தில் இப்படி வந்தவளுக்கு அடுத்ததிலும் வர வாய்ப்பு அதிகம். இரண்டாவது பிள்ளைக்கு யோசிக்கும்போதே டாக்டரிடம் பழைய சீட்டைக் காட்டுங்கள். நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், குமட்டல் தொடங்குமுன்பே, மாத்திரையை ஆரம்பிக்க அவர் சொல்லக்கூடும்.