ஆமைக்குஞ்சின் குரல்

இரண்டு மாதமாகச் சனிக்கிழமை காலையில் போன் எடுப்பதில்லை என்று பலரும் கோபித்துக்கொண்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒரு ஆமைக்குஞ்சுக்குக் குரல் கொடுக்கிற குழந்தையோடு உட்கார்ந்திருந்தேன். பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்துவிட்டுப் படியுங்கள்.

உங்களில் ஒருவன், மூன்றாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மேசையில் தாளம் போடுவானே, அவன் இப்போது சாலிகிராமத்தில் ஒலிப்பதிவு செய்கிறான். ஒருநாள் போன் செய்தான். "டீச்சர், கார்ட்டூன் தொடர் ஒண்ணு. எட்டு கதை. ஆமைக்குஞ்சுக்கு அஞ்சரை வயசுப் பொண்ணு பேசுது. அதுக்குப் படிக்கத் தெரியலை. நாங்க என்ன சொன்னாலும் ஸ்கூல்ல பாட்டு ஒப்பிக்கிற மாதிரியே சொல்லுது. நீங்க வந்து பாருங்களேன்" என்றான்.

சினிமாவில் குழந்தைக்குப் பெரியவர்களே குரலை மாற்றிப் பேசுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதி அப்படித்தானாம். 'மான்ஸ்டர்ஸ் இங்க்' என்ற 2001ஆம் வருடப் படத்தில் பூ என்கிற குழந்தைக்கு நிஜமான சின்னக் குழந்தைதான் குரல். உட்கார வைத்துப் பேச வைக்க முடியாமல், அது விளையாடுகிற இடமெல்லாம் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்ப் பதிவு செய்தார்களாம். டப்பிங் என்றால் வாயசைவு ஏற்கெனவே படத்தில் இருக்கும், அதற்குள் பேசி முடிக்க வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் கிடையாது. முதலில் குரல், பிறகு அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டு வாயை வரைவார்கள். அதனால் குழந்தை எங்கே மூச்சு வாங்கினாலும் சரி, திக்கினாலும் சரி, நிஜமாக இருந்தால் போதும்.

நிஜமாக இருப்பதுதான் வரவில்லை. முதல் நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். உதவி இயக்குநர் தம்பி, "எங்க அம்மா எங்கே?" என்று உருக்கமாகச் சொல்லிக் காட்டுவான். குழந்தை அதே இழுப்போடு திருப்பிச் சொல்லும். அவன் ஏற்றினால் ஏற்றும், இறக்கினால் இறக்கும். எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. முப்பத்துமூன்று வருடம் நான் செய்த வேலை அது. "எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்று உங்கள் எல்லாரையும் ஒரே ராகத்தில் இழுக்க வைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? கேட்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அதில் ஒரு பிள்ளையின் குரல்கூட அந்தப் பிள்ளையுடையதாக இருக்காது.

அடுத்த வாரம் நான் உள்ளே போய்க் குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். வசனத்தைச் சொல்லிக் காட்டுவதை நிறுத்தினேன். அவள் ஒரு துணி முயல் கொண்டுவருவாள். அவள் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் அதை எடுத்து முந்தானைக்குள் ஒளித்துவிட்டு, "யாரைக் காணோம்?" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "என் முயல் எங்கே?" என்றாள். அந்தக் குரல் வந்துவிட்டது. உடனே, "முயலோட அம்மாவையும் காணோமே, முயல் என்ன கேக்கும்?" என்றேன். "எங்க அம்மா எங்கே?" என்றாள், கண்ணால் தேடிக்கொண்டே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கட்டைவிரலைத் தூக்கினான்.

இப்படியே ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு கேள்வி கண்டுபிடிப்பதுதான் என் வேலையாயிற்று. வெள்ளிக்கிழமை இரவு வசனத்தை வைத்துக்கொண்டு, இது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதிவைப்பேன். வழி தெரியாத இடங்களில் மட்டும், ஏற்ற இறக்கம் இல்லாமல், பால் கணக்கு சொல்வதுபோல வசனத்தைச் சொல்லுவேன். நான் ராகம் கொடுக்காவிட்டால் அவள் தன் ராகத்தைப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

நீள வசனத்தில் வேறு சங்கடம். கடற்கரையில் பொரிக்கிற ஆமைக்குஞ்சுகள் இரவில் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து நடக்கும், தெருவிளக்கு இருந்தால் அந்தப் பக்கம் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் குஞ்சும் அப்படிப் போய்விட்டு நண்டிடம், "நான் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்ல வேண்டும். ஐந்தரை வயசுக்கு ஒரே மூச்சில் வராது. இரண்டாக உடைத்தோம். ஒட்டிக் கேட்டால் இரண்டு பேர் பேசுவதுபோல இருந்தது. காரணம் பிடிபடக் கொஞ்ச நேரமாயிற்று. "பார்த்துத்தான்" என்பதோடு நிறுத்தச் சொன்னால், வாக்கியம் முடிந்தது என்று நினைத்துக் குழந்தை குரலை இறக்கிவிடுகிறது. அதனால் முதல் துண்டில் "இந்தப் பக்கம்" வரைக்கும் சொல்ல வைத்தோம். இரண்டாவது துண்டை "பார்த்துத்தான்" என்பதிலிருந்தே தொடங்கினோம். பொதுவான சொல்லுக்குள் வெட்டி ஒட்டியாயிற்று.

எங்கே வெட்டினான் தெரியுமா? "துத்தா" என்பதில் வருகிற "த்"தில். அங்கே நாக்கு மேலே ஒட்டி நிற்கிற ஒரு கணம் சத்தமே இருக்காதாம். திரையில் கோடு படுத்துக் கிடப்பதைக் காட்டினான். "ஒற்று விடாதே, ஒற்று விடாதே என்று அடிச்சீங்களே டீச்சர், இப்ப அதுலதான் கத்தரி போடறேன்" என்றான். அடிக்கவில்லை, காதைத்தான் திருகினேன். அது இருக்கட்டும்.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைக் கலைஞரை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வைத்திருக்கக் கூடாது என்கிறது சட்டம். அது எல்லை. குரல் அதுவரை தாங்காது. நாங்கள் இருபது நிமிடம் பதிவு, பதினைந்து நிமிடம் வெளியே ஓட்டம், மறுபடி இருபது நிமிடம், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டோம். பதிவின்போது சத்தம் வரும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள், அறை வெந்துவிடும். குழந்தை சோர்ந்தால் முதலில் தெரிவது குரலில் இல்லை, காலில். மைக்கை விட்டுக் கால் விலக ஆரம்பிக்கும். பிறகு சொற்களின் கடைசி எழுத்து தேய்ந்துபோகும். அதைக் கேட்ட பிறகு எத்தனை முறை எடுத்தாலும் முதலாவதைவிட நன்றாக வராது. கத்துகிற வசனங்களை எப்போதும் கடைசியில் வைப்போம். முதலிலேயே கத்த விட்டால் அன்றைக்குத் தொண்டை போயிற்று.

அவள் அம்மா பால் கொடுத்து அழைத்துவருவார். பாலும் சாக்லேட்டும் வாயைப் பிசுபிசுக்க வைத்து ஒவ்வொரு சொல்லுக்கும் "ச்சப்" என்று ஒரு சத்தம் விழுந்தது. ஆப்பிள் துண்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் என்று மாற்றினோம். கொலுசைக் கழற்றத்தான் பெரிய பேச்சுவார்த்தை நடந்தது. முயலுக்குப் போட்டுவிட்டு, முயலை வெளியே உட்கார வைத்தோம்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஐந்தாவது கதையில் குஞ்சு வழி தவறிக் களைத்துப்போய், "நான் வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லும். அழுகை முட்ட வேண்டும், ஆனால் அழக் கூடாது. நாலு முறை எடுத்தும் வரவில்லை. குழந்தையின் தாத்தா போன வருடம் தவறிப்போனவர். உதவி இயக்குநர் தம்பி என் காதருகே குனிந்து, "தாத்தாவை நினைச்சுக்கச் சொல்லுங்க, உடனே வந்துடும்" என்றான். நல்ல பையன்தான். பெரிய நடிகர்களிடம் அப்படிக் கேட்டுப் பழக்கம்.

வேண்டாம் என்றேன். வந்துவிடும் என்பதால்தான் வேண்டாம். பெரியவர்களுக்கு அந்தத் துக்கத்தை எடுத்துப் பயன்படுத்திவிட்டு மறுபடி உள்ளே வைக்கத் தெரியும். இவள் எங்கே வைப்பாள்? அதோடு, "இன்னொரு தடவை" என்று நாம் கேட்டால் தாத்தாவை இன்னொரு தடவை சாக வைக்க வேண்டும். அவன் முகம் வாடிவிட்டது. வாடகைக்கு எடுத்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும் கை நடுங்கியது, என் பணமா என்ன.

பிறகு வேறு வழியில் போனோம். சோபாவில் கிடந்த இரண்டு தலையணையையும் அவள் கையில் கொடுத்து, கீழே வைக்காமல் அறையை நாலு சுற்று சுற்றச் சொன்னேன். கை வலிக்க ஆரம்பித்ததும் மைக் முன்னால் நிறுத்தி, "முயல் தூங்குது. அது எழுந்துடாம, எங்கிட்ட மட்டும் சொல்லு, உனக்கு என்ன வேணும்?" என்றேன். மூச்சு வாங்குகிறது, சத்தமாகச் சொல்லவும் முடியாது. அடக்கி, உடைந்து, "நான் வீட்டுக்குப் போகணும்" என்று வந்தது. அழுகையை அடக்கும்போது நடப்பதும் அதுதானே, மூச்சை இழுத்துப் பிடிப்பது. துக்கம் ஒரு துளிகூட இல்லை, முடிந்ததும் தலையணையை என் மேல் எறிந்துவிட்டுச் சிரித்தாள்.

அதோடு ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன். இரவு ஒன்பது மணிக்கு அவள் அம்மா போன் செய்தார். "டீச்சர், படுக்க மாட்டேங்கிறா. ஆமை வீட்டுக்குப் போச்சான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. என்ன சொல்றது?"

தலையில் அடித்துக்கொண்டேன். வசனங்களைக் கதை வரிசையில் எடுக்கவில்லை, அவள் தெம்புக்கு ஏற்ற வரிசையில் எடுத்தோம். அன்றைக்கு முடித்தது அந்த வசனத்தில். மீதிக் கதையை யாரும் அவளுக்குச் சொல்லவே இல்லை. தாத்தாவைத் தொடாமல் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்டவள், குழந்தையை இருட்டுக் கடற்கரையில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறேன். போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, நண்டு வழிகாட்டியது, விளக்கை ஒருத்தர் அணைத்தார், அலை வந்து தூக்கிக்கொண்டது என்று முழுக் கதையும் சொன்னேன். "அங்க அம்மா இருந்தாங்களா?" என்றாள். கடலாமை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், திரும்பி வராது. பொய் சொல்ல மனம் வரவில்லை. "அங்க அதை மாதிரியே நிறைய குட்டி ஆமை இருந்துச்சு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப சரி" என்றாள்.

அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து முதல் ஐந்து நிமிடம் மைக்கே கிடையாது. அன்றைய கதையை முடிவு வரைக்கும் சொல்லிவிடுவேன். கடைசி வசனம் எதுவானாலும் சிரிப்பாக ஒன்றை எடுத்துத்தான் முடிப்போம், தேவை இல்லாவிட்டாலும்கூட.

ஆறாவது வாரம் மேல் முன்பல் ஆட ஆரம்பித்தது. விழுந்தால் "ச", "த" எல்லாம் காற்றாகப் போகும், பழைய கதைகளில் திருத்தம் வந்தால் ஒட்டாது. அதனால் புதுக் கதையை ஒத்திவைத்து, பழைய ஐந்து கதைகளின் திருத்தங்களை முதலில் முடித்தோம். அடுத்த புதன்கிழமை பல் விழுந்தது. வரைகிற பெண்ணிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். ஆமைக்குஞ்சுக்கும் முட்டையை உடைக்க மூக்கு நுனியில் ஒரு சின்ன முட்டைப்பல் உண்டு, சில நாளில் விழுந்துவிடும் என்றாள். ஆறாவது கதையில் குஞ்சின் முட்டைப்பல் விழுகிற ஒரு காட்சியைச் சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் குஞ்சு கொஞ்சம் காற்றோடுதான் பேசும்.

போன வாரத்தோடு எட்டும் முடிந்தது. முயலுக்குக் கொலுசை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டாளாம்.