ஒரு வெட்டு மெசின், இரண்டு ஏட்டுப் பெறுமதி

கொஞ்சம் நீண்ட பதிவு. ஊரில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து மெசினோ, போட்டோ, லொறியோ வாங்க நினைத்திருந்தால் முழுவதும் வாசியுங்கள். மூவரும் பேசித்தான் இதை எழுதுகிறோம்.

2018 ஜனவரி முதல் வாரம், பெரும்போக அறுவடைக்குச் சற்று முன்னர், நாங்கள் மூவர் சமமாகக் காசு போட்டு ஒரு நெல் வெட்டு மெசின் வாங்கினோம். எங்களில் இருவர் ஆசிரியர்கள், அதில் ஒருவர் உயர்தரத்துக்குக் கணக்கீடு படிப்பிப்பவர். மூன்றாமவர் எங்கள் மச்சான், சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவர். மெசினை ஓட்டிப் பராமரிப்பது அவர் பொறுப்பு. மெசினின் விலை 38 இலட்சத்து 50 ஆயிரம். கொழும்பிலிருந்து ஏற்றி இறக்கி, வேலைக்குத் தயார் செய்ய இன்னும் ஒன்றரை இலட்சம் போனது. அந்த ஒன்றரை இலட்சத்தைச் செலவாக எழுதாமல் கிரயத்தோடு சேர்த்து 40 இலட்சம் என்று எழுதினோம். அதுவரை சரியாகத்தான் செய்தோம்.

உடன்படிக்கையில் ஒரு வரி இருந்தது: விலகுகிற பங்காளருக்கு மெசினின் ஏட்டுப் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கு. எந்த முறையில் கணித்த ஏட்டுப் பெறுமதி என்று எழுதவில்லை. வகுப்பில் பிள்ளைகள் முறையைக் குறிப்பிடாமல் விடை எழுதினால் புள்ளியை வெட்டுகிற ஆட்கள் நாங்கள்!

2022 முடியும்போது எங்களில் ஒருவர், மற்ற ஆசிரியர், மகளுக்கு வீடு கட்டத் தொடங்கினார். நம்மூரில் அது தள்ளிப்போடக்கூடிய வேலையில்லை என்று உங்களுக்குத் தெரியும். பங்கைத் தாருங்கள் என்றார். வங்கியில் இருந்த காசைப் பிரிப்பதில் பிரச்சினை வரவில்லை. மெசினில்தான் வந்தது.

எங்களிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. ஆசிரியர் வைத்திருந்த கொப்பி நேர்கோட்டு முறையில் இருந்தது. ஆயுள் 8 வருடம், கடைசியில் இரும்புக்கும் உதிரிப்பாகத்துக்கும் விற்றால் 8 இலட்சம் வரும் என்று ஆரம்பத்திலேயே மூவரும் பேசியிருந்தோம். அதுதான் எச்சப் பெறுமதி. 40இல் 8ஐக் கழித்தால் 32, அதை 8 வருடத்தால் பிரித்தால் வருடத்துக்கு 4 இலட்சம் தேய்வு. ஐந்து வருடத்தில் 20 இலட்சம் தேய்ந்து, மிச்சம் 20 இலட்சம்.

மச்சானின் கொப்பியில் வேறு கணக்கு. அவர் வருடா வருடம் மிச்சத்தில் 20 வீதம் கழித்து வந்திருந்தார். முதல் வருடம் 40இல் 8 இலட்சம் போய் 32. அடுத்த வருடம் 32இல் 20 வீதம் போய் 25.6. பிறகு 20.48, பிறகு 16.384. ஐந்தாம் வருட முடிவில் 13 இலட்சத்து 10 ஆயிரத்து 720 ரூபா. இதுதான் குறைந்து செல்லும் மீதி முறை.

முதல் கொப்பிப்படி விலகுகிறவருக்கு 666,667 ரூபா. இரண்டாவதுபடி 436,907 ரூபா. வித்தியாசம் 229,760 ரூபா. கட்டிக்கொண்டிருக்கிற வீட்டில் அது ஒரு அறையின் காசு.

மச்சான் சும்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. "புதுசுல மெசின் எங்களுக்காக ஓடிச்சு சேர். இப்ப நாங்க மெசினுக்காக ஓடுறம்" என்றார். உண்மைதான். முதல் இரண்டு வருடம் எண்ணெய் மாற்றியதைத் தவிரப் பெரிய செலவில்லை. நாலாம் ஐந்தாம் வருடங்களில் பெல்ட், பிளேட், ரப்பர் செயின் என்று ஒவ்வொன்றாக வந்தது. திருத்தச் செலவு கூடக்கூடத் தேய்வு குறைந்தால், இரண்டும் சேர்ந்த வருடச் சுமை ஓரளவு சமமாக வரும். அந்த முறையைத் தெரிவு செய்வதற்கு அது நல்ல காரணம்.

ஆனால் அவருடைய 20 வீதம் எங்கிருந்து வந்தது? யாரோ சொன்ன வட்டமான எண். அதே வீதத்தில் எட்டாம் வருடம்வரை போனால் மிச்சம் 671,089 ரூபா. நாங்கள் பேசிய 8 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்த முறையில் எச்சப் பெறுமதியை முதலில் கழிப்பதில்லை, வீதத்துக்குள்தான் அது ஒளிந்திருக்கிறது. பரீட்சையில் பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடமும் இதுவே. 40 இலட்சம் எட்டு வருடத்தில் சரியாக 8 இலட்சமாக வேண்டுமானால் வீதத்தை இப்படி எடுக்க வேண்டும்:

```
r = 1 - (8/40)^(1/8)
```

கல்குலேட்டரில் போட்டால் சுமார் 18.2 வீதம். அதன்படி ஐந்தாம் வருட முடிவில் சுமார் 14 இலட்சத்து 63 ஆயிரம். வீதத்தைத் திருத்திய பிறகும் நேர்கோட்டோடு ஐந்து இலட்சத்துக்கு மேல் இடைவெளி இருந்தது.

அன்றிரவு இரண்டையும் வருடவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தோம். ஆரம்பத்தில் இரண்டும் 40, முடிவில் இரண்டும் 8. நடுவில்தான் பிரிகின்றன. முதல் வருடம் 3.3 இலட்சம், மூன்றாம் நாலாம் வருடங்களில் 6 இலட்சத்துக்குச் சற்று மேல், பிறகு மெல்லச் சுருங்குகிறது. அதாவது எட்டு வருடமும் மூவரும் சேர்ந்தே இருந்திருந்தால் எந்த முறையும் யாருக்கும் நட்டமில்லை. நடுவில் இறங்குகிறவருக்குத்தான் முறை காசாக மாறுகிறது.

இன்னொரு விடயமும் எங்களைக் குடைந்தது. 2022இல் டீசல் இல்லாமல் மெசின் நாட்கணக்கில் சும்மா நின்றது. அதற்கும் முழுத் தேய்வா? இரண்டு கொப்பியிலும் முழுத் தேய்வுதான். காலத்தை வைத்துக் கணிக்கும்போது மெசின் ஓடினாலும் நின்றாலும் வருடம் போய்விடும். ஓடிய மணித்தியாலத்தை வைத்துக் கணிக்கும் முறையும் உண்டு. அறுவடை மெசினுக்கு அதுவே பொருத்தம் என்று இப்போது நினைக்கிறோம். ஆனால் நாங்கள் மணித்தியாலம் பதிந்து வைக்கவில்லையே.

கடைசியில் ஒரு மெக்கானிக்கையும் விற்பனைத் தரகர் ஒருவரையும் கூட்டிவந்து மெசினைக் காட்டினோம். தரகர் சொன்ன விலை 44 இலட்சம். வாங்கிய விலையைவிடக் கூட! 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2022இல் ரூபா விழுந்தது. புதிய மெசினின் விலை எட்டாத உயரத்துக்குப் போக, பழையதும் கூடவே ஏறிவிட்டது. எங்கள் கொப்பிகள் இரண்டுக்குமே இது தெரியாது. தேய்வு என்பது கொடுத்த கிரயத்தை வருடங்களுக்குப் பங்கிடுவது மட்டும்தான், சந்தையைப் பார்த்து வருவதில்லை.

பங்காளர் இளைப்பாறும்போது சொத்துக்களை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது உயர்தரப் பாடத்திலேயே இருக்கிறது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறோம், எங்கள் உடன்படிக்கையில்தான் எழுதவில்லை. என்ஜினுக்கும் செயினுக்கும் வரவிருந்த திருத்தச் செலவுகளைக் கழித்து, மூவரும் 36 இலட்சத்துக்கு உடன்பட்டோம். நேர்கோட்டுக் கொப்பியில் 20க்கு மேல் 16 இலட்சம் இலாபம், ஆளுக்கு 5.33. அதை 6.67உடன் கூட்டினால் 12. மச்சானின் கொப்பியில் 13.11க்கு மேல் 22.89 இலட்சம், ஆளுக்கு 7.63. அதை 4.37உடன் கூட்டினாலும் 12. ஒரு வாரம் முகம் பார்க்காமல் திரிந்த சண்டை அந்தக் கூட்டலோடு முடிந்தது. மச்சான் இரண்டு தரம் கூட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

12 இலட்சத்தை ஒரேயடியாகக் கொடுக்க இருவரிடமும் காசில்லை. 4 இலட்சம் உடனே, மிச்சத்தை 2023 பெரும்போக அறுவடைக்குப் பிறகு 4, சிறுபோகத்துக்குப் பிறகு 4 என்று கொடுத்து முடித்தோம். வீட்டுக்குக் கூரையும் போட்டாயிற்று, அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது ஒரே கொப்பிதான். 36 இலட்சத்திலிருந்து தொடங்கினோம். இன்னும் ஐந்து வருடம் ஓடும், முடிவில் 11 இலட்சம் வரும் என்று மெக்கானிக்கைக் கேட்டே எடுத்தோம். நேர்கோட்டில் வருடத்துக்கு 5 இலட்சம். 2023 முடிவில் 31, 2024 முடிவில் 26. உடன்படிக்கையின் அந்த வரியை மாற்றி எழுதினோம்: "விலகும் நாளில் மூவரும் ஏற்கும் இரண்டு பேர் மதிப்பிடும் விலையில் பங்கு. ஏட்டுப் பெறுமதி இலாபம் பார்ப்பதற்கு மட்டும்." மெசினில் மணித்தியால மீற்றர் ஒன்றும் பூட்டியிருக்கிறோம்.