தவணை அட்டையைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு பெண், குழுக்கடனாக 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,115 ரூபாய் வீதம் 24 தவணை.

எல்லாத் தவணைகளையும் கூட்டினால் 50,760 ரூபாய். அசலைக் கழித்தால் வட்டி மட்டும் 10,760. இரண்டு வருடத்துக்கு இவ்வளவுதானே, வருடத்துக்குப் பதிமூன்றரை சதவிகிதம் என்று தோன்றும். ஆனால், அது சரியல்ல. 40,000 ரூபாயும் இரண்டு வருடம் அவரிடம் இருப்பதில்லை. மாதாமாதம் அசல் குறைகிறது.

முதல் தவணையைப் பிரித்தால் உண்மை தெரியும். அதில் வட்டி 800, அசல் 1,315. நாற்பதாயிரத்துக்கு 800 என்றால் மாதம் இரண்டு வட்டி; வருடத்துக்கு 24 சதவிகிதம்!

கடன் கொடுக்கும்போதே கட்டணம், இன்ஷூரன்ஸ் என 1,000 ரூபாய் பிடித்திருந்தால் கைக்கு வந்தது 39,000தான். அப்போது கூடுதலாகக் கட்டியது 11,760. அதனால் கழிக்க வேண்டியது கடன் தொகையை அல்ல, கைக்கு வந்த தொகையை.

பாதியில் கடனை அடைத்தால் பாதி வட்டி மிச்சமாகுமா? ஆகாது. முதல் 12 தவணைகளிலேயே சுமார் 7,740 ரூபாய் வட்டியாகப் போய்விடும். அதன்பின் முழுவதும் அடைத்தால் மிச்சம் சுமார் 3,000 ரூபாய். அந்தச் சிறு மிச்சத்தையும் யாரும் பிடித்துக்கொள்ள முடியாது. நுண்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதித்திருக்கிறது.